லெவல் 1-க்கு ஒரு கடன் விண்ணப்பம்

"இந்த மாசம் சீட்டு எடுக்கலாம்னு இருக்கேன். தள்ளி எடுத்தாலும் பரவாயில்லை" என்றாள் அக்கா போனில். மகனுக்கு சிஎஃப்ஏ பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும், அதற்காக. மூன்று லெவலும் முடித்துவிட்டால் சம்பளம் எங்கேயோ போய்விடும் என்று கோச்சிங் சென்டரில் சொன்னார்களாம். கையோடு ஒரு பளபளப்பான புத்தகமும் கொடுத்திருக்கிறார்கள். நான் அதைக் கொண்டுவரச் சொன்னேன்.

வங்கியில் கடன் பிரிவில் முப்பது வருடம் இருந்தவனுக்கு ஒரு புத்தி படிந்துவிடும். யார் என்ன தொழில் தொடங்கப் போகிறேன் என்று வந்தாலும், தொழில் நல்லதா கெட்டதா என்று நாங்கள் முதலில் பார்ப்பதில்லை. எவ்வளவு பணம் போகும், அது எந்த வழியாகத் திரும்பி வரும், வராவிட்டால் என்ன ஆகும் என்றுதான் பார்ப்போம். கடைக்காரர் கடன் கேட்டால் இத்தனை கேட்கிறோமே, பரீட்சைக்குப் பணம் கட்டும்போது மட்டும் ஏன் யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். படிப்பு என்றால் நம் வீடுகளில் கணக்குப் பார்க்கக் கூச்சம். பள்ளிக்கூடப் படிப்புக்கு அந்தக் கூச்சம் சரிதான். வேலையில் இருக்கும் 25 வயதுப் பையன் டாலரில் கட்டணம் கட்டி வாங்கும் சான்றிதழ் ஒரு முதலீடு. அதற்குக் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

பையன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். பி.காம். படித்தவன். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் ஃபண்ட் அக்கவுண்டிங் வேலை. வெளிநாட்டு முதலீட்டு நிதிகளின் அன்றாடச் சொத்து மதிப்பைக் கணக்கிட்டு, வித்தியாசம் வந்தால் எங்கே வந்தது என்று தேடிப் பிடிக்கிற வேலை. வருடம் ஆறு லட்சம். அவன் போக விரும்புவது ஆராய்ச்சிப் பிரிவுக்கு. ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் பிரித்துப் படித்து, அதன் பங்கு என்ன விலை பெறும் என்று கணித்து எழுதும் இடம் அது. அங்கே போனால் வருடத்துக்கு மூன்று லட்சம் கூடும் என்பது அவன் விசாரித்த தகவல்.

சிஎஃப்ஏ அந்த உலகத்துக்கான பட்டம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள சார்லட்ஸ்வில் நகரத்திலிருந்து சிஎஃப்ஏ இன்ஸ்டிடியூட் நடத்துகிறது. 1963-இல் முதல் பரீட்சை நடந்தபோது எழுதியவர்கள் 284 பேர். இன்று உலகம் முழுக்க எழுதுகிறார்கள், சென்னையிலும் மையம் உண்டு. மூன்று லெவல். முதல் லெவலில் 180 கேள்விகள், இரண்டேகால் மணி நேரம் வீதம் இரண்டு அமர்வு. பாடத்தின் தரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. பையன் வைத்திருந்த புத்தகத்தைப் புரட்டினேன். பாலன்ஸ் ஷீட் படிக்கக் கற்றுக்கொடுக்கும் பகுதியை எங்கள் வங்கியின் புது அதிகாரிகளுக்குக் கட்டாயமாக்கலாம். ஆனால் பாடம் நல்லது என்பதும், இந்தப் பையனுக்கு இந்தப் பணம் திரும்பும் என்பதும் வேறு வேறு.

முதலில் செலவு. அவன் குறிவைத்தது 2025 ஆகஸ்ட் தேர்வு. முதல் தடவை சேருகிறவருக்குச் சேர்க்கைக் கட்டணம் 350 டாலர். லெவல் 1 தேர்வுக் கட்டணம், முன்கூட்டியே பதிந்தால் 990 டாலர், தாமதித்தால் 1,290. (இவை 2025 தேர்வுகளுக்கானவை. இந்தக் கட்டணமும் அதன் அமைப்பும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், கணக்குப் போடும் அன்று அவர்களுடைய தளத்திலேயே பார்த்துவிட வேண்டும்.) முன்பதிவுக் கட்டணத்தையே எடுத்துக்கொண்டோம். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 1,340 டாலருக்கு 1,13,900 ரூபாய். கிரெடிட் கார்டில் டாலர் கட்டினால் வங்கி மூன்று, மூன்றரை சதவீதம் மேலே பிடிக்கும், அது ஒரு 4,000. தேர்வறைக்குள் இரண்டே இரண்டு வகை கால்குலேட்டரைத்தான் அனுமதிப்பார்கள், ஒன்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், மற்றது ஹெச்பி. அதற்கு 3,500 போட்டோம். கோச்சிங் வகுப்பு 40,000, மாதிரித் தேர்வுகளும் மற்ற புத்தகங்களும் 8,000. கூட்டினால் 1,69,400 ரூபாய்.

பளபளப்பான புத்தகத்தில் இருந்தது இதில் 40,000 மட்டும்தான். மற்றது எதுவும் அவர்களுக்குப் போகிற பணம் இல்லை, அதனால் அதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. அதில் தப்பும் இல்லை. புடவைக் கடைக்காரர் தையல் கூலி சொல்ல மாட்டார்.

அடுத்தது நேரம். ஒரு லெவலுக்கு 300 மணி நேரம் படிக்க வேண்டியிருக்கும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. ஆறு மாதத்தில் முடிக்க வாரத்துக்கு ஏறத்தாழ 12 மணி நேரம். இதற்கு என்ன விலை போடுவது? சிலர் மாதச் சம்பளத்தை மணிக்கணக்கில் வகுத்து, அதை 300-ஆல் பெருக்கி ஒரு பெரிய தொகையைக் காட்டுவார்கள். அது எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த நேரத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் சம்பளம் தரப்போவதில்லை. மாறாக, நேரம் இலவசம் என்பதும் பொய். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் படிப்புக்காக எதை நிறுத்தப் போகிறாய்?

கேட்டேன். பையன் கொஞ்சம் யோசித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்தில் இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறான். மாதம் 8,000 வருகிறது. "அதை விட்டாத்தான் மாமா படிக்க முடியும்" என்றான். அப்படியென்றால் நேரத்தின் விலை ஆறு மாதத்துக்கு 48,000. அதையும் சேர்த்தால் லெவல் 1-இன் செலவு 2,17,400. சீட்டுப் பணத்தில் பெரும்பகுதி.

மூன்று லெவலுக்கும் இதே மாதிரி ஓட்டிப் பார்த்தோம். லெவல் 2-க்கும் 3-க்கும் சேர்க்கைக் கட்டணம் இல்லை, கால்குலேட்டர் வாங்க வேண்டாம். லெவல் 3-க்குத் தேர்வுக் கட்டணம் 100 டாலர் அதிகம். எல்லாம் முதல் முயற்சியிலேயே தேறினால் 4,48,400, நேரத்தின் விலையோடு ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அந்த "முதல் முயற்சியிலேயே" என்ற வார்த்தையில்தான் கணக்கே இருக்கிறது.

லெவல் 1-இல் 2024-ஆம் ஆண்டு நான்கு முறை தேர்வு நடந்தது. ஒவ்வொரு முறையும் தேறியவர்கள் நூற்றுக்கு 43 முதல் 46 பேர். 2021 ஜூலையில் கொரோனாவால் தள்ளிப்போய் எழுதியவர்கள் நிறையப் பேர் இருந்தபோது அது 22-க்கு இறங்கியது. மற்ற இரண்டு லெவல்களும் சுமாராக இதே பக்கம்தான், பாதிக்கு முன்னே பின்னே. ஒவ்வொன்றிலும் பாதிக்கும் சற்றுக் குறைவு என்று எடுத்து மூன்றையும் பெருக்கினால், மூன்றையும் ஒரே மூச்சில் தாண்டுகிறவர் பத்தில் ஒருவர் என்று வரும். இது முரட்டுக் கணக்குதான். லெவல் 1 தேறியவர் சராசரி ஆளைவிடத் திறமையானவர், அதனால் அடுத்ததில் அவருக்கு வாய்ப்பு கூடுதல் என்று சொல்லலாம். ஆனால் லெவல் 2-இன் தேர்ச்சி விகிதமே அப்படி வடிகட்டி வந்தவர்களுக்கு நடுவில் வருவது என்பதை மறக்கக் கூடாது.

ஒருமுறை தோற்றால் என்ன செலவு? மறுபடி 990 டாலர், கார்டுக் கட்டணம், புது மாதிரித் தேர்வுகள், இன்னும் நாலு மாதம் தாம்பரம் கடைகளை விடுவது. எல்லாம் சேர்ந்து 1,27,000 ரூபாய். வழியில் எங்கேயாவது இரண்டு முறை தோற்றால் மொத்தச் செலவு எட்டரை லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கும். ஒரு லெவலை ஆயுளில் ஆறு முறைக்கு மேல் எழுத முடியாது என்றும் விதி இருக்கிறது. ஆறு முறை எழுதும் நிலைமை வந்தால் விதி நமக்கு நல்லதுதான் செய்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

புத்தகத்தில் "எங்கள் மாணவர்களில் 85% தேர்ச்சி" என்று போட்டிருந்தது. எந்த வகுப்பாக இருந்தாலும் இப்படி ஒரு எண் இருக்கும். பையனிடம் சொன்னேன், போனைப் போட்டு மூன்றே எண்கள் கேள்: அந்த பேட்ச்சில் ஃபீஸ் கட்டியவர் எத்தனை பேர், பரீட்சை எழுதியவர் எத்தனை பேர், தேறியவர் எத்தனை பேர். கேட்டான். முதல் எண் தெரியாது என்றார்கள். மாதிரித் தேர்வுகளை முழுசாக எழுதி, முடிவையும் வந்து சொன்னவர்களை மட்டும் வைத்து எடுத்த சதவீதமாம் அது. பாதியில் நின்றவர்களும், தோற்றுப்போய் போன் எடுக்காதவர்களும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நான் 85-ஐயும் எடுக்கவில்லை, 45-ஐயும் எடுக்கவில்லை. பி.காம். அடிப்படை இருக்கிறது, நிதி அறிக்கைகளோடு தினம் புழங்குகிறான், அதனால் நூற்றுக்கு 60 என்று தாராளமாகவே வைத்தேன்.

இனி வரவு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுகிறார்கள், பையனும் விழுந்திருந்தான்.

புத்தகத்தில் சிஎஃப்ஏ முடித்தவர்களின் சராசரிச் சம்பளம் என்று ஒரு தொகை. அதில் பாதிப்பேர் எந்த நாட்டில் இருக்கிறார்கள், எத்தனை வருட அனுபவம் என்று ஒரு வார்த்தை இல்லை. அது போகட்டும். பையனுடைய இப்போதைய சம்பளத்தை அதிலிருந்து கழித்து, மீதியெல்லாம் பட்டம் தந்த லாபம் என்று எடுக்க முடியாது. பட்டம் வாங்காவிட்டாலும் அவன் இன்னும் நாலு வருடத்தில் ஆறு லட்சத்திலேயே நிற்கப் போவதில்லை. பட்டம் இல்லாமல் அவன் போய்ச் சேரும் இடத்துக்கும் பட்டத்தோடு போய்ச் சேரும் இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் பட்டத்தின் வரவு.

அந்த இடைவெளியை எப்படி அளப்பது? அவனுக்கு இரண்டு வேலை கொடுத்தேன். முதலாவது, அவன் விரும்பும் பதவிக்கு வந்த விளம்பரங்கள் ஒரு நாற்பதைச் சேர்த்து, மூன்று கட்டாகப் பிரிப்பது: சிஎஃப்ஏ கட்டாயம் என்பவை, சிஎஃப்ஏ அல்லது சிஏ அல்லது எம்பிஏ என்று சாய்கோடு போட்டு எழுதியவை, அதைப் பற்றிப் பேசாதவை. அடுத்த ஞாயிறு கொண்டுவந்தான். கட்டாயம் என்ற கட்டு ரொம்ப மெலிவு. சாய்கோட்டுக் கட்டுதான் தடிமன். அதில் பலவற்றில் அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் "எக்செல்லில் மாடல் கட்டத் தெரிந்திருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருந்தது. அது சாய்கோடு இல்லாமல், நிபந்தனையாக.

இரண்டாவது வேலைதான் முக்கியம். அவன் உட்கார ஆசைப்படும் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று பார்ப்பது. இதற்கு லிங்க்ட்இன் போதும், கூடவே தெரிந்தவர்கள் நாலு பேரிடம் பேச்சு. பார்க்க வேண்டியது அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் சிஎஃப்ஏ லெவல் இருக்கிறதா என்பதை அல்ல. எந்த வருடம் தேறினார், எந்த வருடம் ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாறினார், இரண்டில் எது முந்தியது என்பதை. பையன் பார்த்துவிட்டு வந்தபோது முகம் கொஞ்சம் மாறியிருந்தது. பலர் முதலில் மாறியிருந்தார்கள். மாறிய பிறகு கம்பெனி செலவில் எழுதியிருந்தார்கள். பட்டம் அவர்களை அந்த நாற்காலிக்குக் கொண்டுவரவில்லை, நாற்காலிதான் பட்டத்தைக் கொண்டுவந்தது. இந்த வரிசையைப் பார்க்காமல் "ரிசர்ச்சில் இருக்கிறவன் எல்லாம் சிஎஃப்ஏ" என்று சொல்வது, ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லாரும் வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிறார்கள், அதனால் கோட்டு வாங்கினால் டாக்டர் ஆகலாம் என்பது போல.

ஆனாலும் லெவல் 1-ஐ முதலில் முடித்து, அதைக் காட்டி மாறியவர்களும் இருந்தார்கள். அதனால் வரவு சூன்யம் இல்லை. எல்லாவற்றையும் வைத்துப் பேசி இரண்டு எண்களை எழுதினோம். லெவல் 1 இல்லாமல் அடுத்த ஒரு வருடத்தில் அவன் ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாற நூற்றுக்கு 15 வாய்ப்பு. லெவல் 1 இருந்தால் 35. இரண்டும் ஊகம்தான். ஆனால் காகிதத்தில் எழுதிய ஊகத்தை நாளைக்குத் திருத்தலாம், மனசில் இருக்கிற ஆசையைத் திருத்த முடியாது. வித்தியாசம் 20. மாறினால் கூடும் சம்பளம் மூன்று லட்சம். அதில் 20 சதவீதம், வருடத்துக்கு 60,000 ரூபாய். இது எத்தனை வருடம் நீடிக்கும்? நாலு என்று வைத்தோம். அதற்கு மேல் பையன் தன் வேலை அனுபவத்தாலேயே அந்த இடத்தைப் பிடித்திருப்பான் அல்லது வேறு திசையில் போயிருப்பான்.

இந்தக் கணக்கை அவன் பரீட்சைக்கென்று நண்பனிடம் இரவல் வாங்கியிருந்த அந்த டெக்சாஸ் கால்குலேட்டரிலேயே போட்டோம். நாலு வருடம் கழித்து வரும் 60,000 இன்றைய 60,000 ஆகாது. சீட்டு எடுக்காவிட்டால் பர்சனல் லோன் வாங்க வேண்டும், அதற்கு அவனிடம் கேட்ட வட்டி 12 சதவீதம், அதையே கழிவு விகிதமாக எடுத்தோம்.

```
4      N
12     I/Y
60000  PMT
0      FV
CPT PV   →   -182,240.96
```

கழித்தல் குறியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வருடா வருடம் அறுபதாயிரம் பெறுவதற்கு இன்று எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அந்தக் கருவி கையிலிருந்து போகும் பணமாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆக லெவல் 1 தேறிவிட்டால் அதன் இன்றைய மதிப்பு 1,82,241 ரூபாய். ஆனால் தேறுவது நூற்றுக்கு 60. அதால் பெருக்கினால் 1,09,345. செலவோ 2,17,400. உள்ளே போவதில் பாதிதான் வெளியே வருகிறது. சம்பள உயர்வு முடிவு வந்த பிறகுதான் தொடங்கும் என்பதைக்கூட நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் இறங்கும்.

பையன் கால்குலேட்டரை இரண்டு தடவை அழித்துவிட்டு மறுபடி தட்டினான். அதே எண்தான் வந்தது.

கடன் பிரிவில் நாங்கள் இதோடு நிறுத்த மாட்டோம். ஒரு விண்ணப்பம் தேறாவிட்டால், எது மாறினால் தேறும் என்று திருப்பிப் போட்டுப் பார்ப்போம். வாய்ப்பு வித்தியாசம் 20 என்பதற்குப் பதில் எவ்வளவு இருந்தால் போட்ட பணம் திரும்பும்? நூற்றுக்கு 40. அதாவது லெவல் 1 என்ற ஒரு வரி ரெஸ்யூமேயில் ஏறியதும், அதுவரை 15-ஆக இருந்த வாய்ப்பு 55-ஆக ஏற வேண்டும். அவன் பேசிய நாலு பேரில் ஒருவர்கூட அப்படிச் சொல்லமாட்டார்.

சரி, செலவைக் குறைத்தால்? கோச்சிங் வகுப்பை விட்டால் 40,000 மிச்சம். பாடப்புத்தகமும் பயிற்சிக் கேள்விகளும் தேர்வுக் கட்டணத்திலேயே அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வகுப்பு தருவது பாடத்தை அல்ல, வாராவாரம் உட்கார வைக்கும் கட்டாயத்தை. அந்தக் கட்டாயம் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது காசுக்குத் தகும். அடுத்தது, சிஎஃப்ஏ இன்ஸ்டிடியூட்டே வசதிக் குறைவானவர்களுக்கு ஓர் உதவித்தொகை வைத்திருக்கிறது, ஆக்சஸ் ஸ்காலர்ஷிப் என்று பெயர். கிடைத்தால் கட்டணத்தில் பெரிய குறைப்பு. பணம் கட்டிப் பதிந்துவிட்டு அப்புறம் கேட்டால் பயன் இல்லை, முதலிலேயே விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்கைக் கட்டணம் நீங்கி, தேர்வுக் கட்டணம் பாதியாகிறது என்று வைத்துப் பார்த்தோம். வகுப்பும் இல்லை என்றால் மொத்தச் செலவு 1,03,000-க்கு வந்துவிடுகிறது. வரவு 1,09,345. நூலிழையில் தேறுகிறது. ஆனால் வகுப்பு இல்லாததால் தேர்ச்சி வாய்ப்பு 60-இலிருந்து 50-க்கு இறங்கினால் வரவு 91,000 ஆகி மறுபடி நஷ்டம். ஆக வகுப்பை விடுவதா வேண்டாமா என்பது நாற்பதாயிரம் ரூபாய்க் கேள்வி அல்ல, அவன் தானாக உட்கார்ந்து படிப்பானா என்ற கேள்வி.

இதே பரீட்சை இன்னொருவருக்குச் சுலபமாகத் தேறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன் ஆபீசிலேயே ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, தேறினால் கட்டணம் முழுவதையும் கம்பெனி திருப்பித் தரும். இரண்டு லெவல் முடித்தவர்களுக்குத்தான் அடுத்த பதவி என்று அவர் குழுவில் எழுதாத வழக்கம். அவருக்குச் செலவு பாதிகூட இல்லை, வரவோ ஊகம் இல்லை, கண்முன் நிற்கும் பதவி. பையன் இருக்கும் பிரிவுக்கு அந்தத் திருப்பித் தரும் சலுகை கிடையாது. ஹெச்ஆரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். கேட்கும்போது உச்சவரம்பு உண்டா, தோற்றால் தருவார்களா, பணம் வாங்கிய பிறகு எத்தனை மாதம் வேலையை விடக்கூடாது என்ற மூன்றையும் கேட்டுவிட வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனையில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வேறு கம்பெனிக்குத் தாவத்தான் சான்றிதழ் வாங்கினார்கள், சான்றிதழே அவர்களைக் கட்டிப்போட்டுவிடும்.

இன்னொரு விஷயம் அக்காவுக்கும் தெரியாது, பையனுக்கும் அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. மூன்று லெவலும் தேறினாலும் பெயருக்குப் பின்னால் அந்த மூன்று எழுத்தைப் போட முடியாது. முதலீட்டு முடிவோடு தொடர்புள்ள வேலையில் குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணி நேர அனுபவம் காட்ட வேண்டும். கணக்கை ஒத்துப் பார்க்கும் வேலை அதில் அடங்குமா என்பது எளிதில் சொல்லக்கூடியது இல்லை. பட்டம் வந்த பிறகும் வருடச் சந்தா 299 டாலர், இன்றைய மதிப்பில் 25,000 ரூபாய்க்கு மேல், உள்ளூர் சங்கச் சந்தா தனி. கட்டாமல் விட்டால் எழுத்துகளைப் போடும் உரிமை நின்றுவிடும். ஆக அவன் ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாறாவிட்டால், மூன்று பரீட்சையும் தேறிய பிறகும் வாசலிலேயே நிற்க வேண்டி வரலாம்.

அப்படியானால் மாறுவதுதான் முதல் வேலை, பரீட்சை அப்புறம். இதை நான் சொல்லவில்லை, அவனே சொன்னான். அதற்கு மலிவான வழி இருக்கிறதா என்று தேடினோம். இந்தியாவில் பங்கு ஆராய்ச்சியாளராக வேலை செய்ய செபியின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒரு பரீட்சையைக் கட்டாயமாக்குகின்றன, என்ஐஎஸ்எம் நடத்தும் ரிசர்ச் அனலிஸ்ட் தேர்வு. கட்டணம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஒரு மாதப் படிப்பு. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் கம்பெனிகள் அதைக் கேட்காமலும் இருக்கலாம். ஆனால் சட்டம் கேட்கும் பரீட்சை இரண்டாயிரம், சட்டம் கேட்காத பரீட்சை இரண்டு லட்சம் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அதோடு, தெரிந்த ஒரு கம்பெனியின் ஐந்து வருட ஆண்டறிக்கைகளை எடுத்து, எக்செல்லில் ஒரு மாடல் கட்டி, அதை ஆராய்ச்சிப் பிரிவு மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டுவது. நாற்பது விளம்பரத்தில் நிபந்தனையாக இருந்த அந்த வரிக்கு இதுதான் பதில்.

லெவல் 1-ஐ அவன் விட்டுவிடவில்லை. விடச் சொல்லவும் இல்லை. அதைத் தனியாகப் பார்க்கச் சொன்னேன். மூன்று லெவலையும் சேர்த்து ஒரே தீர்மானமாக எடுப்பதுதான் தவறு. ஒவ்வொரு லெவலும் தனிக் கடன். லெவல் 1 தேறிய அன்று, அதுவரை போன பணத்தை மறந்துவிட்டு, லெவல் 2-க்கு ஆகும் 1,83,000 ரூபாய்க்கு எதிரே என்ன வரவு என்று புதிதாகப் போட வேண்டும். ஏற்கெனவே மாறிவிட்டிருந்தால் கம்பெனியே கட்டும். தோற்ற அன்றும் அப்படித்தான். "இவ்வளவு போட்டுட்டோம், இப்ப விட்டா எப்படி" என்ற வாக்கியத்தை வங்கியில் நான் கேட்காத வருடம் கிடையாது. அதைச் சொல்லி மறுகடன் வாங்கியவர்களில் பலரை அடுத்துப் பார்த்தது வசூல் பிரிவில்.

கடைசியாக ஒரு சோதனை வைத்தோம், பணம் கட்டுவதற்கு முன்னால். முன்பதிவுக் கட்டணத்துக்கும் பிந்திய கட்டணத்துக்கும் 300 டாலர் வித்தியாசம், கிட்டத்தட்ட 25,500 ரூபாய். அந்தத் தேதி பரீட்சைக்குப் பல மாதம் முன்னாலேயே முடிந்துவிடும். படிக்க முடியுமா என்று தெரியும் முன்னரே பணத்தைக் கட்டவைக்கும் ஏற்பாடு அது. கட்டினால் திரும்பாது, தேதியை மாற்றவும் 250 டாலர். அதனால் அந்தத் தேதிக்கு முன் ஐந்து வாரத்தில் 60 மணி நேரம் படித்துக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம். காசு வேண்டாம். நெறிமுறைப் பாடத்துக்கான கையேடு அவர்கள் தளத்திலேயே இலவசம், நிதி அறிக்கைப் பாடத்துக்கு நண்பனுடைய பழைய புத்தகம். ஒரு நாற்பது பக்க நோட்டு, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், நடுவில் போன் பார்த்த நேரம் கழித்து. 45-க்குக் கீழே வந்தால் இந்தத் தேர்வுக்குப் பணம் கட்டுவதில்லை. வாரம் 12 மணி நேரம் என்பது ஐந்து வாரமே தாங்கவில்லை என்றால் இருபத்தாறு வாரம் தாங்காது.

அக்கா சீட்டை இந்த மாதம் எடுக்கவில்லை. நோட்டில் முதல் வாரம் 11, இரண்டாவது வாரம் 12, மூன்றாவது வாரமும் மோசமில்லை, 10. ஆயுத பூஜை வாரம் 3. ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை ராத்திரி போன் பண்ணினான். இதுவரை 5 மணி நேரம் ஆகியிருக்கிறது, இன்னும் 4 வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை முழுசா இருக்கேடா."

"ஞாயித்துக்கிழமை இருபதாம் தேதி மாமா. ரெண்டு கடைக்கும் ரிட்டர்ன் போடணும்."